திருச்சியிலிருந்து திரும்பிய கைப்பேசியின் இரண்டரை மணி நேரப் பிழை: ஒரு நிகழ்வு ஆய்வு

கோலாலம்பூர், பிரிக்ஃபீல்ட்ஸில் இயங்கும் ஒரு சிறிய கணக்கியல் அலுவலகத்தில் கணினி, கைப்பேசி தொடர்பான பழுதுகளைக் கவனிப்பது என் வேலை. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் தினமும் வந்துபோகும் எங்கள் கணக்காளர் ஒருவர், உறவினர் திருமணத்திற்காகத் திருச்சி சென்று பத்து நாள் தங்கிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு திரும்பினார். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மேல் அலுவலகத்துக்குள் நுழைந்தவர், பையைக்கூட இறக்கி வைக்காமல் கைப்பேசியை என் மேசையில் வைத்தார்.

“தம்பி, நேத்து முழுக்க லாகின் கோட் போகல. இன்னிக்கு கோட் போகுது, ஆனா அலாரம் எட்டு மணிக்கு அடிக்குது. ஊருக்குப் போய் வந்ததுல போன் கெட்டுப்போச்சா?”

“கெட்டிருக்காதுக்கா. நேரத்தை யாராவது மாத்தினாங்களா?”

“யாரு மாத்தல? திருச்சியில அண்ணன் மகன் மாத்தினான், ஏர்போர்ட்ல நான் மாத்தினேன், நேத்து ராத்திரி என் மகன் மாத்தினான்.”

மூவருமே கைப்பேசி சரியான நேரத்தைக் காட்ட வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் அதைத் தொட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் செய்தது முழுக்கச் சரி, ஒருவர் செய்தது முழுக்கத் தவறு, மற்றவர் செய்தது பாதி சரி. இதே கோளாறு விடுமுறை முடிந்து திரும்பும் பலருக்கும் வேறு வேறு வடிவில் வருவதாலும், பெரும்பாலானோர் செயலியை நீக்கி மறுபடி நிறுவுவது, கைப்பேசியைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்பது போன்ற தேவையற்ற, சில வேளைகளில் ஆபத்தான வழிகளில் இறங்கிவிடுவதாலும், இந்த நிகழ்வை விரிவாகப் பதிவு செய்கிறேன்.

கைப்பேசிக்குள் இருக்கும் இரண்டு நேரங்கள்

நடந்ததைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு செய்தி போதும். கைப்பேசி தனக்குள் மணியை நாம் பார்க்கும் வடிவத்தில் வைத்திருப்பதில்லை. யூடிசி எனப்படும் உலகப் பொதுநேரத்தில் இது எந்தக் கணம் என்பதை, 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளின் எண்ணிக்கையாக அது வைத்திருக்கிறது. இதோடு, அது எந்த நேர வலயத்தில் இருக்கிறது என்பதைத் தனியாக வைத்திருக்கிறது. திரையில் தெரியும் மணி இவ்விரண்டையும் கூட்டிக் கிடைப்பது. மலேசியா பொதுநேரத்திற்கு 8 மணி நேரம் முன்னே இருக்கிறது. இந்தியா ஐந்தரை மணி நேரம் முன்னே இருக்கிறது. ஆகவே இரு நாடுகளுக்கும் இடையே இரண்டரை மணி நேரம். (தீபகற்ப மலேசியா 1982 தொடக்கத்தில் அரை மணி நேரம் முன்னே நகர்ந்ததால்தான் இந்த இரண்டரை. அதற்கு முன் ஏழரை மணி நேர வலயத்தில் இருந்தோம். ஊருக்குத் தொலைபேசியில் பேசிய நம் பெற்றோர் கணக்கிட்ட வித்தியாசம் சரியாக இரண்டு மணி நேரம்.)

இவ்விரண்டு செய்திகளும் வெவ்வேறு வழிகளில் கைப்பேசிக்கு வருகின்றன. கணத்தை இணையத்தில் உள்ள நேர வழங்கியிடமிருந்து என்டிபி நெறிமுறை மூலம் பெறலாம். வைஃபை இருந்தாலே போதும். ஆனால் அந்த வழங்கி பொதுநேரத்தை மட்டுமே சொல்லும், நீங்கள் திருச்சியில் இருக்கிறீர்களா கிள்ளானில் இருக்கிறீர்களா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லாது. வலயம் பெரும்பாலும் சிம் அட்டை பதிவாகும் கைப்பேசி வலையமைப்பிடமிருந்து வருகிறது. சிம் ஒரு கோபுரத்தில் பதிவாகும்போது, நிட்ஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒரு தகவலை வலையமைப்பு அனுப்பக்கூடும்; அதில் நேரமும், பொதுநேரத்திலிருந்து எத்தனை கால்மணி நேரம் வேறுபாடு என்பதும் இருக்கும். மலேசியாவுக்கு 32 கால்மணிகள், இந்தியாவுக்கு 22. அந்தத் தகவலை அனுப்புவது வலையமைப்புகளுக்குக் கட்டாயமில்லை, அது வராத இடங்களில் வலையமைப்பின் நாட்டுக் குறியீட்டைக் கொண்டும் கைப்பேசி வலயத்தை ஊகித்துக்கொள்ளும். மலேசியாவின் குறியீடு 502. நாடு முழுவதும் ஒரே நேரம் என்பதால் இங்கே அந்த ஊகம் தவறுவதில்லை.

இரண்டு செய்திகள் இரண்டு வழிகளில் வருவதால்தான் பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அமைப்புகளில் இரண்டு பொத்தான்கள் தனித்தனியாக இருக்கின்றன. அக்காவின் கைப்பேசியில் அவை Automatic date and time என்றும் Automatic time zone என்றும் இருந்தன. முதலாவது கணத்துக்கு உரியது, இரண்டாவது வலயத்துக்கு உரியது. பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே காரியத்தைச் செய்வதுபோலத் தோன்றுவதுதான் இந்த நிகழ்வின் வேர்.

திருச்சியில் நடந்தது

ரோமிங் கட்டணத்துக்குப் பயந்து அக்கா விமானத்தில் ஏறும்போது போட்ட விமானப் பயன்முறையைப் பயணம் முழுக்க எடுக்கவே இல்லை. அதன் மேலேயே வைஃபையை மட்டும் இயக்கி, அண்ணன் வீட்டு இணையத்தில் பேசிக்கொண்டிருந்தார். இது நம்மில் பலர் செய்வதுதான். ஆனால் விமானப் பயன்முறையில் சிம் எந்தக் கோபுரத்திலும் பதிவாவதில்லை, ஆகவே வலயச் செய்தி வர வழியே இல்லை. இருப்பிடச் சேவையையும் மின்கலம் மிச்சமாகட்டும் என்று அணைத்து வைத்திருந்தார். ஆண்ட்ராய்டு 12 முதல் சில கைப்பேசிகள் இருப்பிடத்தைக் கொண்டும் வலயத்தைக் கண்டுபிடிக்கும், அந்த வழியும் அடைபட்டது. வைஃபை வழியாகக் கணம் மட்டும் சரியாக வந்துகொண்டிருந்தது. விளைவு, திருச்சியில் மாலை நான்கு மணி ஆனபோது கைப்பேசி ஆறரை என்று காட்டியது.

அண்ணன் மகன் Automatic time zone பொத்தானை அணைத்துவிட்டு, பட்டியலிலிருந்து இந்திய நேரத்தைத் தேர்ந்தெடுத்தார். இது சரியான செயல். கணம் தொடப்படவில்லை, வலயம் மட்டும் மாறியது, திரையும் சரியானது. அந்தப் பத்து நாளும் அக்கா அங்கிருந்தே அலுவலக மின்னஞ்சலில் நுழைந்திருக்கிறார், ஒரு குறியீடும் மறுக்கப்படவில்லை. அந்தத் தம்பி செய்ததில் ஒரே குறை, அணைத்த பொத்தானை ஊர் திரும்பியதும் போட வேண்டும் என்று சொல்லாமல் விட்டதுதான்.

விமான நிலையத்தில் நடந்தது

ஞாயிறு இரவு கேஎல்ஐஏவில் இறங்கி, பெட்டிக்காகக் காத்திருக்கையில் விமானப் பயன்முறையை எடுத்தார். சிம் உடனே பதிவானது, குறுஞ்செய்திகள் வந்து விழுந்தன. வலையமைப்பு சொன்னாலும் சொல்லாவிட்டாலும் கைப்பேசி இப்போது வலயத்தை மாற்றாது, ஏனெனில் அதற்கான பொத்தான் அணைந்தே இருந்தது. சுவரில் 10:40, கைப்பேசியில் 8:10.

அக்கா அமைப்புகளைத் திறந்தார். நேரத்தை மாற்ற முடியாதபடி அது மங்கிக் கிடந்தது. மேலே இருந்த Automatic date and time பொத்தானை அணைத்ததும் திறந்துகொண்டது. 8:10 என்பதை 10:40 ஆக்கினார். வலயம் என்ற வரியை அவர் தொடவில்லை. அது இந்தியாவாகவே இருந்தது.

இங்கேதான் பிழை உண்டானது. இரவு 10:40 மலேசிய நேரம் என்பது பொதுநேரத்தில் பிற்பகல் 2:40. ஆனால் கைப்பேசியிடம் இப்போது சொல்லப்பட்டது “இந்தியாவில் இரவு 10:40” என்பது. அது பொதுநேரத்தில் மாலை 5:10. சுவர்க் கடிகாரத்தோடு நிமிடம் பிசகாமல் ஒத்துப்போன அந்தக் கைப்பேசி, உலகத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் போய்விட்டது. கணத்தைத் திருத்திக்கொடுக்க வேண்டிய இணைய நேர வழங்கியைக் கேட்பதையும் அது நிறுத்திவிட்டது, காரணம் அதற்குரிய பொத்தானையும் அணைத்தாயிற்று.

திங்கட்கிழமையின் அறிகுறிகள்

திங்கள் காலை 5:30-க்கு அலாரம் சரியாக அடித்தது. அலாரச் செயலி ஐந்தரை என்பதை உள்ளூர் மணியாக மட்டுமே வைத்திருக்கிறது. திரை எப்போது ஐந்தரை காட்டுகிறதோ அப்போது அடிக்கும். வலயம் மாறினாலும் நேரம் மாற்றப்பட்டாலும் அது தன்னைத் திரைக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளும். ஆகவே திரை சரியாக இருக்கும்வரை அலாரமும் சரியாக இருக்கும், உள்ளே கணம் எவ்வளவு பிசகியிருந்தாலும். அலாரம் சரியாக அடித்ததாலேயே அக்காவுக்குக் கைப்பேசியின் நேரத்தின் மேல் முழு நம்பிக்கை வந்தது. பிறகு வந்த எந்தச் சிக்கலுக்கும் அவர் நேரத்தைச் சந்தேகிக்கவில்லை.

7:20-க்கு, கொமுட்டரில் நின்றுகொண்டிருக்கையில், நாள்காட்டி ஒலித்தது: பத்து நிமிடத்தில் வாடிக்கையாளர் கூட்டம், 7:30. அந்தக் கூட்டம் பத்து மணிக்கு என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அழைப்பு அனுப்பியவர் தவறாகப் போட்டுவிட்டார் என்று எண்ணி, ரயிலிலிருந்தே அவருக்குத் திருத்தச் சொல்லிச் செய்தி அனுப்பினார். நாள்காட்டி அலாரத்தைப் போன்றதன்று. மற்றொருவர் அனுப்பிய கூட்டம் ஒரு கணமாகச் சேமிக்கப்படுகிறது: மலேசியாவில் பத்து மணி என்பது பொதுநேரத்தில் அதிகாலை 2:00. அதை இந்திய வலயத்தில் காட்டினால் 7:30. உள்ளே கணம் முன்னால் ஓடிக்கொண்டிருந்ததால், அந்த 7:30 நிஜமான கிள்ளான் 7:30-க்கே வந்துவிட்டது. இந்த ஒற்றை நிகழ்வே முழுக் கோளாறையும் சொல்லிவிடுகிறது: அலாரம் சரி, கூட்டம் இரண்டரை மணி நேரம் முன்னால்.

8:50-க்கு அனுப்பப்பட்ட மின்னஞ்சல் ஒன்று, அடுத்த நிமிடமே வந்து சேர்ந்தும், 6:20 என்று காட்டியது. இதை அவர் பார்த்திருக்கிறார், பொருட்படுத்தவில்லை.

பின்னர் அலுவலகக் கணினியில் மின்னஞ்சலுக்குள் நுழையக் கடவுச்சொல் கொடுத்தார். அடுத்து ஆதெண்டிகேட்டர் செயலி காட்டும் ஆறு இலக்கக் குறியீடு. மறுக்கப்பட்டது. அடுத்த குறியீடு, அதுவும் மறுக்கப்பட்டது. ஐந்தாம் முறைக்குப் பின் கணக்கு பூட்டிக்கொண்டது. அதே நேரத்தில், குறுஞ்செய்தியில் குறியீடு அனுப்பும் வேறொரு தளத்தில் அவரால் எந்தத் தடையுமின்றி நுழைய முடிந்தது. இணையப் பக்கங்கள் யாவும் திறந்தன. இதனால் அலுவலகக் கணக்கில்தான் கோளாறு என்ற முடிவுக்கு வந்தார்கள். நான் அன்று வெளியே இருந்தேன்.

குறுஞ்செய்திக் குறியீடு வழங்கியில் உருவாகி அப்படியே வருவதால் கைப்பேசியின் கடிகாரம் அதில் குறுக்கிடுவதில்லை. பாதுகாப்பான தளங்களின் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. இரண்டரை மணி நேரப் பிசகு அந்த எல்லைகளைத் தாண்டுவது அரிது. பெரும்பாலும் கடிகாரம் நாட்கணக்கிலோ அதற்கு மேலோ பிசகியிருந்தால்தான் உலாவி எச்சரிக்கை காட்டித் தளத்தைத் திறக்க மறுக்கும். ஆகவே, “இணையம் வேலை செய்கிறது, நேரம் சரியாகத்தான் இருக்கும்” என்ற ஊகம் செல்லாது.

குறியீடு ஏன் மறுக்கப்பட்டது

ஆதெண்டிகேட்டர் செயலி எந்த வலையமைப்பையும் தொடர்புகொள்ளாமல் குறியீட்டைக் கணக்கிடுகிறது. கணக்கைச் சேர்க்கும்போது ஸ்கேன் செய்யும் கியூஆர் சதுரத்தில் ஒரு மறைச்சாவி இருக்கிறது; அது கைப்பேசியிலும் வழங்கியிலும் ஒன்றே. அந்தச் சாவியையும் நடப்பு நேரத்தையும் சேர்த்துக் கலக்கி ஆறு இலக்கம் எடுக்கப்படுகிறது. நேரம் என்றால் திரையில் தெரியும் மணி அன்று. 1970 முதல் கடந்த பொதுநேர நொடிகளை 30-ஆல் வகுத்துக் கிடைக்கும் முழு எண். இம்முறை டிஓடிபி எனப்படுகிறது. 2011-இல் வெளியான RFC 6238 ஆவணம் இதை வரையறுக்கிறது. வழங்கியும் அதே கணக்கைப் போட்டு இரண்டையும் ஒப்பிடும். தட்டச்சு செய்யும் தாமதத்துக்காகப் பல வழங்கிகள் முன்னும் பின்னும் ஓரிரு படிகளை ஏற்றுக்கொள்ளும். அதற்கு மேல் விட்டுக்கொடுப்பது பாதுகாப்பைக் குறைக்கும்.

இரண்டரை மணி நேரம் என்பது 9,000 நொடி. 30-ஆல் வகுத்தால் சரியாக 300 படிகள். அக்காவின் கைப்பேசி காட்டிய குறியீடுகள் போலியானவை அல்ல. 300 படிகளுக்குப் பின் வர வேண்டிய, இன்னும் காலம் பிறக்காத குறியீடுகள்.

இதை நான் ஊகமாக விட்டுவிட விரும்பவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு சோதனைக் கணக்கையும் அலுவலகத்தில் கிடந்த பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒன்றையும் எடுத்து, அக்கா விமான நிலையத்தில் செய்ததை அப்படியே செய்தேன்: வலயம் இந்தியா, திரை மலேசிய மணி. காலை 11:05 தாண்டிப் பத்து நொடியில் அது காட்டிய ஆறு இலக்கத்தை ஒரு தாளில் எழுதிவைத்து, உடனே உள்ளிட்டுப் பார்த்தேன், மறுக்கப்பட்டது. சாப்பிட்டுவிட்டு வந்து, பிற்பகல் 1:35 தாண்டிப் பத்து நொடிக்கு அதே தாளைப் பார்த்து அதே இலக்கங்களைத் தட்டினேன். கணக்கு திறந்தது.

இதிலிருந்து இன்னொரு சிறு பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் சுவர்க் கடிகாரத்தை ஐந்து நிமிடம் முன்னே வைப்பதுண்டு. சிலர் கைப்பேசியையும் அப்படி வைக்கிறார்கள். ஐந்து நிமிடம் பத்துப் படிகள். வழங்கிகள் பொறுத்துக்கொள்ளும் அளவை அது எளிதாகத் தாண்டிவிடும்.

பாதித் திருத்தம்

திங்கள் மாலை, கணக்கின் பூட்டைத் திறந்துகொடுத்த சக ஊழியர், “தானியங்கி நேரம் அணைந்திருக்கிறதா பாருங்கள்” என்று தொலைபேசியில் சரியான திசையைக் காட்டினார். இரவு பத்தேகால் வாக்கில், அக்கா சமையலறையில் இருக்க, மகன் கூடத்தில் கைப்பேசியை எடுத்து மேலே இருந்த Automatic date and time பொத்தானைப் போட்டார். மடிக்கணினியில் நுழைந்து பார்த்தார், குறியீடு ஏற்கப்பட்டது. “அம்மா, சரியாயிடுச்சு” என்று சொல்லிக் கைப்பேசியை மின்னேற்றியில் மாட்டிவிட்டுப் போனார்.

கணம் சரியாகிவிட்டது உண்மை. ஆனால் கீழே இருந்த இரண்டாவது பொத்தான் அணைந்தே இருந்தது, வலயம் இந்தியாவாகவே நின்றது. பத்தேகால் காட்டிய திரை ஏழேமுக்காலுக்குப் பின்வாங்கியது. பயணக் களைப்பில் அக்கா அதைப் பார்க்காமலே உறங்கப் போனார். அலாரம்தான் ஏற்கெனவே 5:30-க்கு வைத்திருக்கிறதே. கைப்பேசி ஐந்தரையைக் காட்டியபோது கிள்ளானில் மணி எட்டு, சன்னலில் வெயில் ஏறியிருந்தது.

அறிகுறிகள் ஓர் இரவில் தலைகீழானதைக் கவனிக்க வேண்டும். திங்கள் அன்று திரையும் அலாரமும் சரி, குறியீடு தவறு. செவ்வாய் அன்று குறியீடு சரி, திரையும் அலாரமும் தவறு. கணம் பிழையா வலயம் பிழையா என்பதைக் கருவி ஏதுமின்றி இந்த ஒன்றைக் கொண்டே பிரித்தறியலாம். குறியீடு கணத்தை மட்டும் பார்க்கிறது. அலாரம் திரையை மட்டும் பார்க்கிறது.

பிசகின் அளவும் ஒரு சாட்சி. நிமிடக்கணக்கில் பிசகினால் தானியங்கி நேரம் நெடுநாள் அணைந்திருந்து கடிகாரம் மெல்ல நழுவியிருக்கலாம், அல்லது கையால் வைத்ததில் பிசிறு இருக்கலாம். சரியாக இரண்டரை மணி நேரம் என்றால் நம்மவர் விஷயத்தில் அது இந்திய வலயத்தைத் தவிர வேறொன்றாக இருப்பது அரிது.

சரிபார்த்ததும் திருத்தியதும்

என் மேசைக்கு வந்தபோது கைப்பேசியைக் கணினியில் இணைத்து, adb என்ற கருவி வழியாக நான் கேட்டவை இவை:

```
adb shell settings get global auto_time
adb shell settings get global auto_time_zone
adb shell getprop persist.sys.timezone
adb shell date -u
```

முதல் விடை 1, அதாவது பொத்தான் போட்டிருக்கிறது; இரண்டாவது 0, அதாவது அணைந்திருக்கிறது; மூன்றாவது Asia/Kolkata. நான்காவது, கணினியின் பொதுநேரத்தோடு நொடிக்கு நொடி ஒத்தது. சோதனைக் கைப்பேசியில், அதாவது திங்கட்கிழமை நிலையில், முதல் இரண்டும் 0, நான்காவது இரண்டரை மணி நேரம் முன்னால். கணினி இல்லாதவர்கள் இவ்வளவு செய்யத் தேவையில்லை. அமைப்புகளில் நேரப் பக்கத்தைத் திறந்து வலயம் என்ற வரியில் GMT+08:00 இருக்கிறதா என்று பார்த்தாலே போதும். திரை சரியான மணியைக் காட்டி, அந்த வரி மட்டும் GMT+05:30 என்று இருந்தால், உள்ளே கணம் பிசகியிருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

திருத்தம் ஒரு நிமிட வேலை. Automatic time zone பொத்தானைப் போட்டேன். சிம் பதிவாகியிருந்ததால் வலயம் கோலாலம்பூருக்கு மாறியது, திரை இரண்டரை மணி நேரம் முன்னே தாவியது, அலாரச் செயலியைத் திறந்தால் அடுத்த அலாரம் எத்தனை மணி நேரத்தில் என்ற கணக்கும் மாறியிருந்தது. பொத்தானைப் போட்டும் வலயம் மாறாத கைப்பேசிகளையும் பார்த்திருக்கிறேன்; விமானப் பயன்முறையை ஒரு முறை போட்டு எடுத்தால் சிம் மறுபடி பதிவாகி வழிக்கு வரும். அப்போதும் வராவிட்டால், அல்லது சிம்மே இல்லாத டேப்லெட் என்றால், பட்டியலிலிருந்து கோலாலம்பூரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்த நிலையிலும் மணியைக் கையால் நகர்த்தக் கூடாது. பயணத்தில் மாறுவது வலயம் மட்டுமே. கணம் திருச்சியிலும் கிள்ளானிலும் ஒன்றுதான்.

ஐபோனில் இரண்டு பொத்தான்கள் இல்லை. Set Automatically என்ற ஒன்றே இரண்டையும் ஆள்கிறது. அங்கே வலயம் தவறாக நின்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இருப்பிடச் சேவைகளுக்குள் System Services பகுதியில் உள்ள Setting Time Zone. அது அணைந்திருந்தால், தானியங்கி போட்டிருந்தும் பழைய ஊரின் நேரமே நிற்கக்கூடும்.

ஒன்றை மட்டும் அக்காவிடம் அழுத்திச் சொன்னேன். குறியீடு மறுக்கப்படும்போது ஆதெண்டிகேட்டர் செயலியை நீக்கக் கூடாது; உள்ளே இருக்கும் கணக்கை அழித்து மறுபடி சேர்க்கவும் முயலக் கூடாது. மறைச்சாவி காப்பில் இல்லையென்றால் அது அழிந்தே போகும். ஒரு நிமிடத்தில் தீர வேண்டிய நேரப் பிசகு, ஒவ்வொரு நிறுவனத்திடமும் அடையாளம் நிரூபித்துக் கணக்கை மீட்கும் பல நாள் அலைச்சலாகிவிடும். திங்கள் பிற்பகலில் யாரோ அந்த யோசனையைச் சொல்லியிருக்கிறார்கள். கியூஆர் சதுரம் எங்கே கிடைக்கும் என்று தெரியாததால் மட்டுமே அவர் அதைச் செய்யாமல் விட்டார்.

அடுத்த மாதம் மறுபடியும் திருச்சி போகிறார். விமானப் பயன்முறையை எடுக்காமல்தான் இருப்பேன் என்கிறார். கட்டணத்தை நினைத்தால் அது நியாயமே. அப்படியானால் அங்கே வலயத்தை மட்டும் கையால் மாற்றிக்கொள்ள வேண்டும், கேஎல்ஐஏவில் விமானப் பயன்முறையை எடுத்த கையோடு Automatic time zone பொத்தானைப் போட வேண்டும். இதை அவர் கடவுச்சீட்டு உறைக்குள் ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துக்கொண்டார். பத்து மணிக் கூட்டத்துக்கு அழைப்பு அனுப்பியவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு மன்னிப்பும் கேட்டார். அவர் நேரத்தைச் சரியாகத்தான் போட்டிருந்தார்.

அதே கூட்டம் புதன்கிழமையும் இருந்தது. அன்று அலாரம் 5:30-க்கு அடித்தது, கொமுட்டரில் கைப்பேசி அமைதியாக இருந்தது, நாள்காட்டி 9:50-க்கு ஒலித்தது.